காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள்?

ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, அவர் ஏற்கெனவே என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று பட்டியல் எழுதுவார்கள். பயிற்சி மருத்துவரோ சிஸ்டரோ மாத்திரை அட்டைகளைப் புரட்டிப் பார்த்துப் பெயர், அளவு, வேளை எல்லாம் குறித்துக்கொண்டபின், எழுந்து போகும் அவசரத்தில் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: “நாட்டு மருந்து, கசாயம் அது இதுன்னு எதுவும் சாப்பிடலையே?”

“இல்லைங்க டாக்டர்.”

வேறு என்ன சொல்வார்? எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. “அது இது” என்று சேர்த்ததில் அலட்சியம் இருக்கிறது. “சாப்பிடலையே” என்பதில் கண்டிப்பு இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் திட்டு விழும் என்று நோயாளிக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் மருமகளுக்கும் புரிந்துவிடும். கேஸ் ஷீட்டில் ‘வேறு மருந்துகள் இல்லை’ என்று ஏறிவிடுகிறது. கட்டிலுக்கு அடியில் உள்ள கூடையில் லேகிய டப்பா பத்திரமாக இருக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 1990-ல் டேவிட் ஐசன்பர்க்கும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு 1993-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. அங்கே மூன்றில் ஒருவர் வழக்கமான மருத்துவத்துக்கு வெளியே ஏதாவது ஒரு சிகிச்சை எடுத்திருந்தார். அப்படி எடுத்தவர்களில் 72 சதவீதம் பேர் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை.

திட்டு விழுமே என்ற பயம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வெந்தயத் தண்ணீரையோ ஆவாரம்பூ டீயையோ அருகம்புல் சாற்றையோ குடிப்பவர், தான் மருந்து சாப்பிடுவதாகவே நினைப்பதில்லை. அது காலைக் காப்பிக்கு முன்னால் நடக்கும் ஒரு வழக்கம், அவ்வளவுதான். பெட்டிக்கடையில் வாங்கிப் போட்ட தலைவலி மாத்திரையும், மெடிக்கல் ஷாப்பில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த ‘செட் மாத்திரை’யும் அப்படித்தான், டாக்டர் எழுதிக் கொடுக்காததால் கணக்கில் வருவதில்லை. ஆகவே “மருந்து ஏதாவது?” என்று கேட்டால் “இல்லை” என்று அவர் சொல்வது பொய் ஆகாது. அவர் அறிந்தவரை அது உண்மையான பதில். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுவது என்பதற்கு ஒரு சூழலைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இதில் வரும் ஒவ்வொரு கண்ணியும் மருத்துவர்களுக்குப் பழக்கமானதுதான்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. ஐந்தாறு வருடங்களாக ரத்த அழுத்தம் உண்டு. ஆம்லோடிபின் ஒன்று, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு ஒன்று என இரண்டு மாத்திரைகள். மாத்திரையைத் தவறவிடாதவர். அப்படியும் சில மாதங்களாக அழுத்தம் 170/100-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. கால் வீங்குகிறது. மாடிப்படி ஏறினால் தொடை துவண்டுபோகிறது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.8. குறைந்தது 3.5 இருந்திருக்க வேண்டும்.

பார்க்கிற மருத்துவருக்குச் சுலபமான விளக்கங்கள் கையிலேயே இருக்கின்றன. ஆம்லோடிபின் கால் வீக்கம் தரும். ஹைட்ரோகுளோரோதையசைடு பொட்டாசியத்தைக் குறைக்கும். ஒன்றை மாற்றி, மற்றொன்றை நிறுத்தி, பொட்டாசியம் சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அழுத்தம் ஏன் ஏறியது என்பதற்கு இந்த இரண்டிலும் பதில் இல்லை. “வேற ஏதாவது மாத்திரை மருந்து எடுக்குறீங்களா?” என்று கேட்டாயிற்று. “இல்லைங்க” என்ற பதிலும் வந்தாயிற்று.

இந்த இடத்தில் அனுபவமுள்ள ஒரு சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மருந்தைப் பற்றியே பேச்செடுப்பதில்லை.

“அம்மா, இங்க வர்றவங்க நிறையப் பேர் ஆஸ்பத்திரி மாத்திரையோட வீட்டு வைத்தியமும் சேர்த்துத்தான் பார்க்குறாங்க. எங்க வீட்டுலயும் உண்டு. நீங்க காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல என்ன குடிப்பீங்க?”

“சுடுதண்ணிதான். எப்பவாச்சும் சீரகம் போட்டுக்குவேன்.”

“ராத்திரி படுக்கப்போற முன்ன?”

“பால். அதுல ஒரு ஸ்பூன் அதிமதுரப் பொடி, தேன் விட்டு. காலையிலயும் டிபனுக்கு அப்புறம் ஒரு ஸ்பூன் தேன்ல குழைச்சுச் சாப்பிடுவேன்.”

இரண்டாவது கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. கேள்வி எப்படிப் போட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘உண்டா, இல்லையா’ என்று கேட்கவில்லை. எல்லோரும் செய்வதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ‘என்ன’ என்று கேட்டார். நாளின் ஒரு நேரத்தைப் பிடித்துக் கேட்டார். வெறும் வயிறு, படுக்கும் நேரம் என்று கேட்டால் கண்முன் அடுப்படி வந்து நிற்கும். பதிலும் தானாக வரும்.

நேரத்தைப் பிடித்து வராவிட்டால் உபாதையைப் பிடிக்கலாம். “சளி பிடிச்சா என்ன செய்வீங்க? மலச்சிக்கலுக்கு? மூட்டு வலிச்சா? தூக்கம் வரலைன்னா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது ஓமத்தண்ணீர், நிலாவாரைப் பொடி, முடக்கத்தான் சூப், கடையில் வாங்கிய வலி மாத்திரை என்று வரிசையாக வரும். சர்க்கரை நோயாளியிடம் “சர்க்கரைக்குன்னு சாப்பாட்டுல என்ன சேர்த்துக்குறீங்க?” என்ற கேள்வியைத் தவறவிடக் கூடாது. பாகற்காய் சேர்ந்த கறி சாப்பிட்டபோது, குளோர்புரோப்பமைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுத்துவந்த ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை எதிர்பாராத அளவு கட்டுப்பட்டதை 1979-லேயே லான்செட் இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் மருந்தைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் பாகற்காய் வெளியே வந்திருக்காது.

சிஸ்டரிடம் திரும்புவோம். அதிமதுரம் என்று தெரிந்ததும் “அடடா, அதையா சாப்பிடுறீங்க?” என்று ஒரு முகச்சுளிப்பு வந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் சாதாரணமாகத் தொடர்கிறார்.

“அதிமதுரமா? எதுக்காக ஆரம்பிச்சீங்க?”

“போன வருஷம் ஒரே வறட்டு இருமல். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நாத்தனார்தான் இதைச் சாப்பிடச் சொன்னாங்க. ரெண்டே வாரத்துல நின்னுபோச்சு. திரும்ப வந்துடுமோன்னு விடாம சாப்பிடுறேன்.”

“அந்தச் சமயத்துல டாக்டர் மாத்திரை எதையாவது மாத்தினாரா?”

“ஆமா. அப்பதான் பிரஷர் மாத்திரையை மாத்திக் கொடுத்தாரு.”

பழைய சீட்டைப் புரட்டினால் எனலாபிரில் என்று இருக்கிறது. அந்த வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். நிறுத்திய சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும். மாத்திரை மாறியதால் இருமல் நின்றது. பெயர் அதிமதுரத்துக்குப் போனது. அம்மாவின் கணக்கில் தவறே இல்லை: சாப்பிட்டார், நின்றது. ‘எதற்காக, எப்போது’ என்ற இரண்டு கேள்விகளும் இல்லாவிட்டால் இந்தக் கதை கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள்தான் இனிப்பைத் தருவது. நம் உடலில் எப்போதும் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்தில் ஒரு நொதி செயலிழக்கச் செய்துகொண்டே இருக்கிறது. கிளைசிரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடும். தடையில்லாத கார்டிசால், உப்பைப் பிடித்துவை, பொட்டாசியத்தை வெளியேற்று என்று சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. உப்போடு நீரும் தங்கும். கால் வீங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறைந்து தசைகள் துவளும். ஏற்கெனவே பொட்டாசியத்தை இழக்கவைக்கும் சிறுநீர் மாத்திரையும் சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு நாள் ஒரு துண்டு மென்றவருக்கு இதெல்லாம் நேர்வது அரிது. அதனால்தான் ‘எவ்வளவு’ என்ற கேள்வி. கிளைசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு சொல்லியிருக்கிறது. வேருக்கு வேர் அதன் அளவு மாறும் என்றாலும், தினம் இரண்டு ஸ்பூன் பொடி அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அளவு கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். “எத்தனை கிராம்?” என்றால் யாருக்கும் தெரியாது. எந்த ஸ்பூன், தலைதட்டியா குவித்தா, வாரத்தில் எத்தனை நாள், ஒரு பாக்கெட் வாங்கினால் எத்தனை நாள் வரும் என்று கேட்க வேண்டும். கசாயம் என்றால் எத்தனை டம்ளர் தண்ணீரை எவ்வளவாகச் சுண்டவைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நாலு டம்ளர் ஒன்றாக வற்றியதும், சும்மா ஒரு கொதி விட்டு இறக்கியதும் ஒன்றாகாது.

சித்த மருத்துவரிடம் மருந்து வாங்குபவரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம் வேறு. சூரணமா, லேகியமா, குடிநீரா, பற்பமா, செந்தூரமா என்று அந்த மருத்துவத்தின் சொற்களிலேயே கேட்கலாம். எதில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார், பத்தியம் என்ன என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்டதுமே எதிரில் இருப்பவரின் முகம் மாறும். இவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறதே என்ற நம்பிக்கை வரும். கேள்விகளுக்கு மருத்துவக் காரணமும் உண்டு. பத்தியம் என்று உப்பை அறவே விட்டவருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். தேனிலோ வெல்லப்பாகிலோ சேர்ந்த லேகியம் சர்க்கரையை ஏற்றலாம். பற்பம், செந்தூரம் என்றால் உலோகமும் தாதுவும் சேர்ந்த மருந்தாக இருக்க வாய்ப்புண்டு. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. காரணம் தெரியாத வயிற்றுவலியும் ரத்தசோகையும் சேர்ந்து வரும் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால்தான், ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டும் என்ற யோசனையே வரும்.

யாரிடம் வாங்கினார் என்பதைக் கேட்கும் தொனிதான் மிகவும் சிக்கலானது. “எந்தப் போலி வைத்தியர்கிட்ட போனீங்க?” என்று கேட்டவரிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “யார் பார்த்துக் கொடுத்தாங்க? அவர்கிட்ட இந்த ஆஸ்பத்திரி மாத்திரையைப் பத்திச் சொன்னீங்களா?” என்று கேட்பது வேறு. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் என்றால், ஒரு போனில் மருந்தின் பெயரே கிடைத்துவிடும். உரிமம் பெற்ற தயாரிப்பு என்றால் லேபிளில் சேர்மானம், தொகுதி எண், தயாரித்த இடம் எல்லாம் இருக்கும். நச்சுத்தன்மை உள்ளவை என்று சட்டம் பட்டியலிட்ட பொருள் சேர்ந்திருந்தால், மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். லேபிளே இல்லாத டப்பா என்றால் அதுவும் ஒரு தகவல்தான். ஆகவே “அடுத்த தடவை வரும்போது அந்த டப்பாவையும் எடுத்துட்டு வாங்க, பார்த்துட்டுத் தந்துடுறேன்” என்று சொல்லி அனுப்ப வேண்டும். ‘தந்துடுறேன்’ என்ற சொல் முக்கியம். பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் பலரை வெறுங்கையோடு வரவைக்கிறது.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சீந்தில் ஓர் உதாரணம். கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று இந்தக் கொடியைப் பலர் கசாயமாகக் குடித்தார்கள். 2020-ன் கடைசி மாதங்களில் கல்லீரல் பாதிப்போடு வந்த ஆறு பேரிடம் விசாரித்தபோது, ஆறு பேருமே சீந்தில் எடுத்திருந்தார்கள் என்று மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். குடித்தது சீந்தில்தானா, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியா என்ற கேள்வியை ஆயுஷ் அமைச்சகம் எழுப்பியது. இரு தரப்பும் எதைச் சொன்னாலும், அந்தக் கொடியையோ பொடியையோ கண்ணால் பார்த்தால்தான் தீர்க்கக்கூடிய வழக்கு அது.

கடையில் நேரடியாக வாங்கும் மாத்திரைகளில் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்கலாம். மூட்டுவலிக்காரர் ஒருவர், “கடையில கேட்டா ஒரு செட் தருவாங்க, மூணு மாத்திரை இருக்கும், போட்டா அன்னிக்கே வலி பறந்துடும்” என்கிறார். அல்லது யாரோ கொடுத்த மூலிகைப் பொடி என்கிறார். மூலிகையோ எதுவோ, நாள்பட்ட மூட்டுவலி ஒரே நாளில் பறந்தது என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். மூலிகை என்று விற்ற வலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்றவை கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பி வட்டமாவது, சர்க்கரை திடீரென்று ஏறுவது, தோல் மெலிந்து சும்மா பட்டாலே கன்றிப்போவது ஆகியவை அதன் அடையாளங்கள். எனவே இவரிடம் கேட்க வேண்டியது: “எத்தனை மாசமா? விட்டுப் பார்த்திருக்கீங்களா? விட்டா என்ன ஆகுது?” விட்ட இரண்டாம் நாளே எழ முடியாத சோர்வு, வாந்தி, தலைசுற்றல் என்று சொன்னால் உஷாராக வேண்டும்.

இங்கேதான் கண்டிப்பு ஆபத்தாகவே முடியலாம். “இன்னியோட அதைத் தூக்கி எறிங்க” என்று ஒரு மருத்துவர் அதட்டி, நோயாளியும் பயந்து அன்றே நிறுத்தினால், மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் தூங்கிப்போன அவருடைய அட்ரினல் சுரப்பிகள் உடனே விழிக்காது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படிப்பட்டவருக்கு, என்ன எடுத்தார் என்பதை அறிந்து, மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதற்கு அவர் அடுத்த வாரமும் இதே மருத்துவரிடம் வர வேண்டும். திட்டு வாங்கியவர் வர மாட்டார்.

எல்லா நோயாளியிடமும் கேட்க வேண்டிய, பெரும்பாலும் விட்டுப்போகிற இன்னொரு கேள்வி உண்டு. “இதைச் சாப்பிட ஆரம்பிச்ச பிறகு ஆஸ்பத்திரி மாத்திரையை எப்படி எடுத்துக்குறீங்க?” பல சமயம் மூலிகையால் வரும் கெடுதலைவிட, அதை நம்பிப் பாதியாகக் குறைத்த சர்க்கரை மாத்திரையால்தான் சேதம் அதிகம். “மாத்திரையை நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். “எப்படி எடுத்துக்குறீங்க?” என்றால்தான் “காலையில மட்டும் போடுறேன், ராத்திரி கசாயம் இருக்கே” என்ற பதில் வரும்.

சில பதில்கள் கூட்டத்தில் வராது. ஆண்மைக் குறைவுக்கு வாங்கிய லேகியம், குழந்தை வரத்துக்கு மாமியார் கொடுத்த மருந்து, உடம்பு இளைக்க ஆன்லைனில் வாங்கிய பொடி ஆகியவற்றைப் பற்றிக் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க முடியும். நேர்மாறாக, வயதானவர்களின் வீட்டு வைத்தியம் முழுவதும் மகளுக்கோ மருமகளுக்கோதான் தெரிந்திருக்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அலமாரியில் என்ன பாட்டில் நிற்கிறது என்பதை அவர்கள் வாசலிலிருந்தே பார்த்துவிடலாம். “இது எதுக்குக்கா?” என்ற ஒரு கேள்வி போதும்.

தெரிந்துகொண்டதை எப்படித் திருப்பிச் சொல்வது? அதிமதுர அம்மாவிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “உங்க இருமலுக்குக் காரணம் அந்தப் பழைய மாத்திரை. அதை நிறுத்தினதும் இருமல் போயிடுச்சு. அதிமதுரம் தொண்டைக்கு இதமா இருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா தினமும் இவ்வளவு போனா உடம்புல உப்பு தங்கும், பொட்டாசியம் இறங்கும். கால் வீக்கமும் பிரஷரும் அதனாலதான்னு நினைக்கிறோம். நிறுத்திட்டு ரெண்டு வாரத்துல ரத்தம் பார்ப்போம். இருமல் திரும்ப வந்தா எங்ககிட்ட சொல்லுங்க.” வந்தால் என்ன செய்வது என்ற அவருடைய பயத்துக்குப் பதில் சொல்லாமல் பொடியை மட்டும் நிறுத்தச் சொன்னால், வீட்டுக்குப் போனதும் டப்பாவைத் திறந்துவிடுவார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதையும் அழுத்தம் இறங்குவதையும் அவருக்கே எண்களில் காட்ட வேண்டும். அதிமதுரத்தின் விளைவு நிறுத்திய மறுநாளே அடங்காது, ஓரிரு வாரம் தங்கும் என்பதால், மூன்றாம் நாள் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ‘இது காரணமில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடவும் கூடாது.

வெந்தயத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் குடிக்கும் ஒருவரிடம், கெடுதல் எதுவும் தெரியாவிட்டால், நிறுத்தச் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. “குடிங்க, ஆனா சர்க்கரை ரொம்ப இறங்குற மாதிரி இருந்தா சொல்லுங்க” என்று சொல்லலாம். எதைக் கேட்டாலும் நிறுத்து என்பவரிடம், உண்மையிலேயே நிறுத்த வேண்டிய ஒன்றைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேட்டதை எழுதுவதும் இந்த வேலையில் பாதி. ‘நாட்டு மருந்து எடுக்கிறார்’ என்று எழுதினால் அடுத்த ஷிப்ட்டில் வருபவருக்குப் பயன் இல்லை. ‘அதிமதுரப் பொடி, 1 டீஸ்பூன், தினம் 2 வேளை, பாலிலும் தேனிலும், சுமார் ஓராண்டாக, வறட்டு இருமலுக்காக, நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது, டப்பா பார்க்கப்படவில்லை’ என்று, மற்ற மாத்திரைகளின் வரிசையிலேயே, நோயாளி சொன்ன பெயரிலேயே எழுத வேண்டும். ஊருக்கு ஊர் பெயர் மாறும் மூலிகைகளுக்குத் தாவரவியல் பெயரை ஊகித்து எழுதுவது தவறான செடிக்குக் கொண்டுபோய்விடும். பாதிப்பு என்று உறுதியான சந்தேகம் வந்தால் தெரிவிப்பதற்கு ஆயுஷ் மருந்துகளுக்கென்றே மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் மையங்களில் ஒன்று. அந்தப் பட்டியலில் தேதியும் இருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் குடிக்கும் கசாயம் சித்திரையில் இருக்காது, சித்திரையில் வேறொன்று வந்திருக்கும். அதனால் அடுத்த முறை அவர் வரும்போது, வெறும் வயிற்றிலிருந்து தொடங்கி மறுபடியும் கேட்க வேண்டும்.